கந்தப்பளையிலிருந்து வந்த சுவர்

சுவரில் மாட்டியிருக்கும் சாமானை ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பி, "இது என்னான்னு சொல்லுங்க" என்று கேட்டால் ஷாமிலா அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி மூஞ்சிய மட்டும் காட்டினா எப்புடி? சுவரு முழுக்க ஒரு படம், கிட்டத்துல ஒரு படம், பக்கவாட்டுல ஒரு படம்" என்று குரல் பதிவு போய்விடும். அனுப்பியவர் கோவில் தர்மகர்த்தாவாக இருந்தாலும் சரி, தோட்டத்துத் துரையாக இருந்தாலும் சரி, எல்லாருக்கும் ஒரே பதில்தான்.

ஹட்டனில் அன்ஸார் முதலாளியின் மின்சாதனக் கடையில் நான் காசு மேசையில் இருக்கிறேன். பெயர் சுலக்ஷனா. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், இருக்கட்டும். எனக்குப் பின்னால், கமரா, கேபிள் எல்லாம் வைத்திருக்கும் பக்கம் ஷாமிலா அக்காவின் ராச்சியம். அங்கே ஒரு பெரிய பலகை சாய்ந்து நிற்கும். செத்துப்போன சாமான்களையெல்லாம் அதில் திருகாணி போட்டுப் பொருத்தி வைத்திருப்பார். கதவு சென்சர், கமரா பெல், ஸ்மார்ட் ப்ளக், புகை மணி என்று இல்லாதது இல்லை. "கையில இருக்கும்போது ஒரு மாதிரி, சுவத்துல இருக்கும்போது வேற மாதிரி தெரியும் புள்ள. நான் சுவத்துல பாத்துத்தான் பழகணும்" என்பார்.

இந்தப் பித்து பிடித்த கதையே ஒரு சிரிப்பு. முன்பு முதலாளி ஒரு பெட்டி ஸ்மார்ட் ப்ளக் வாங்கி, ஒன்றும் விலைபோகாமல் மூலையில் போட்டிருந்தார். அக்கா அதில் நாலைந்தை வீட்டுக்குக் கொண்டுபோய், மின்விசிறி, மேசை விளக்கு, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றுக்கும் மாட்டி, கடையில் இருந்தபடியே போனில் விளக்கைப் போட்டிருக்கிறார். வீட்டில் தனியாக இருந்த அவருடைய உம்மா பௌசியா, ஜின் வந்துவிட்டது என்று ஓதிக்கொண்டே பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டார். உம்மாவிடம் வாங்கிய திட்டுக்கு அப்புறமும் அக்கா திருந்தவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர் செய்துகாட்டியதில் அந்தப் பெட்டி ஒரே மாதத்தில் விற்றுப்போனது.

அன்று கடையில் ஆள் குறைவு. மழை இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் போனில் நிரோஷன் கூப்பிட்டான். டிக்கோயா பையன். முன்பு எங்கள் கடையில்தான் வயர் வாங்குவான். இப்போது கந்தப்பளையில் ஒரு விடுமுறை பங்களாவுக்குக் காவலும் பொறுப்பும் அவன்தான். மனைவி லோஜினி அங்கேயே சமையல். இரண்டு பேரும் பங்களாவுக்குப் பின்னால் உள்ள அறையில் குடியிருக்கிறார்கள்.

"அக்கா, என்னைய பொலிசுல குடுக்கப் போறாங்க." காசு மேசையில் இருந்த எனக்கே கேட்டது. அக்கா போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

விசயம் இதுதான். கொழும்பிலிருந்து ஓர் அம்மா தன் மகளோடு வந்து தங்கியிருக்கிறார். படுக்கை அறையில், தோட்டத்துப் பக்கம் திறக்கும் கதவுக்கு மேலே வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி. அதில் சிவப்பாக ஒரு புள்ளி. கட்டிலைப் பார்த்தபடி இருக்கிறது. ஒளித்து வைத்த கமரா என்று அவர் முடிவு கட்டிவிட்டார். இது என்ன என்று நிரோஷனைக் கேட்டிருக்கிறார். அவன் தெரியாது என்றிருக்கிறான். உண்மையாகவே அவனுக்குத் தெரியாது. பங்களாக்காரர் லண்டனில் இருக்கிறார். அவர் கொழும்பிலிருந்து அனுப்பிய ஆட்கள் வந்து சுவரில் பொருத்திவிட்டுப் போனார்கள். இவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அவரைக் கூப்பிட்டால் போன் எடுக்கவில்லை.

"சாவி உன் கையில, சுவத்துல என்னா இருக்குன்னு தெரியாதா, அப்புடின்னு கேக்குறாங்க அக்கா. நான் என்னா சொல்ல? லோஜினி அழுவுறா."

சாமானைப் பொருத்தியவன் ஒருத்தன், பழி சுமப்பவன் ஒருத்தன். பொலிசுக்குப் போனால் வேலை மட்டுமா போகும்? பெண்கள் அறையில் கமரா வைத்தவன் என்ற பேரோடு டிக்கோயாவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பான்?

"அழுகைய அப்பறம் வச்சுக்கலாம். அந்த மிஸ்கிட்ட போன குடு" என்றார் அக்கா.

அந்த அம்மா நல்ல தமிழ் பேசினார். குரலில் கோபம், அடியில் பயம். வந்தவுடன் வைஃபை பெட்டியை அணைத்துவிட்டாராம். அதனால் வீடியோவில் காட்ட வழியில்லை, அந்த மலைச் சரிவில் சிக்னலும் நொண்டியடிக்கும். படம் மட்டும் அனுப்புவதாகச் சொன்னார்.

"அணைச்சது நல்ல வேலை மிஸ். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றார் அக்கா. அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் இறங்கியது.

முதல் படம் வந்தது. பெட்டி மட்டும் பெரிதாக. சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. கமராதான், சந்தேகமே இல்லை என்று நினைத்தேன். அக்கா வழக்கம்போல் சுவர் முழுவதையும் கேட்டார். வந்த படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்.

"மிஸ், படத்துல கதவு தொறந்து கிடக்கு. அதை நல்லா சாத்திட்டு, அதே இடத்துல நின்னு இன்னொன்னு எடுங்க."

அடுத்த படத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிப் பெட்டி வந்து ஒட்டி நின்றது. கதவோடு போய், கதவோடு திரும்பி வந்திருக்கிறது.

"ரெண்டு துண்டு. பெருசு நிலையில, சிறுசு கதவுல. சிறுசுக்குள்ள காந்தம். ரெண்டும் பிரிஞ்சா கதவு தொறந்துடுச்சின்னு பங்களாக்காரர் போனுக்குச் செய்தி போகும். பாக்குறதுக்குக் கதவு சென்சர் மாதிரித்தான் இருக்கு."

"மாதிரின்னா? சிவப்பு லைட் எரியுதே" என்றார் அந்த அம்மா.

"படத்த பாத்து அவ்வளவுதான் சொல்ல முடியும் மிஸ். மிச்சத்த நீங்கதான் பாக்கணும். முதல்ல வீட்டு வாசல்ல, ரூம்ல ப்ளக் பாயிண்டுல, வேற என்னென்ன இருக்குன்னு படம் அனுப்புங்க."

இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, ஹீட்டர் வயருக்கும் சுவருக்கும் நடுவில் செருகியிருந்த தடித்த வெள்ளை உருண்டை, பக்கவாட்டில் ஒரு பொத்தான். "இது ஸ்மார்ட் ப்ளக். போன்லயே ஹீட்டர போட, நிறுத்த. மனசு ஒப்பலன்னா கழட்டி அலுமாரியில போட்டுட்டு ஹீட்டர நேரா செருகுங்க, எரியும்." மற்றது வாசல் நிலையில் நெட்டையாக, கீழே அமுக்கும் பெரிய வட்டப் பொத்தானோடு இருந்தது.

அக்கா தயங்கவே இல்லை. "இது கமராதான் மிஸ். கமரா வச்ச காலிங் பெல். வாசலுக்கு வாரவங்கள படம் பிடிக்கும், பேச்சும் கேக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ அக்கா, உங்களுக்கென்ன பைத்தியமா? எரியிற நெருப்புல எண்ணெய ஊத்துறீங்களே!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். போனில் நிரோஷன் "அக்கா..." என்று முனகினான்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "கமராவ கமரான்னு சொன்னாத்தான், கமரா இல்லாதத இல்லன்னு நான் சொல்லும்போது அவங்க நம்புவாங்க. சும்மா இரு."

அந்த அம்மா, "சரி, சொல்லுங்க. நான் என்ன செய்யணும்?" என்றார். இந்த முறை கோபம் இல்லை.

"திரைச்சீலைய இழுத்துவிட்டு, ரூம் லைட்ட அணைச்சிட்டு அந்தச் சிவப்பப் பாருங்க."

நாங்கள் காத்திருந்தோம். "தெரியல்ல. இருட்டா இருக்கு."

"லைட்டுன்னா இருட்டுலதான் நல்லாத் தெரியணும். அப்ப அது எரியல." அக்கா மூன்று படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சென்சரில் சிவப்புப் புள்ளி. ப்ளக்கின் தலையில் சிவப்புப் புள்ளி. பெல்லின் மேல்பகுதியில், கண் இருக்கவேண்டிய இடத்தில், சிவப்புப் புள்ளி. "மூணு சாமானும் மூணு கம்பெனி மாதிரி இருக்கு. மூணுக்கும் எப்புடி ஒரே சிவப்பு? அதுவும் கோணலா?"

பலகையைப் பார்த்தார். அங்கே எந்தச் சாமானிலும் அப்படி இல்லை. பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் அவருடைய ட்ரில் மெசின் தொங்கிக்கொண்டிருந்தது. சில நாளுக்கு முன் ஆயுதபூஜைக்கு நான்தான் அதற்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். வருசா வருசம் வைப்பேன். முதலாளி பொரியும் கடலையும் வாங்கித் தருவார், அக்கா பாதியைத் தின்றுவிடுவார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"நிரோஷன்! உன் பொண்டாட்டி பூஜைக்கு எதெதுக்குப் பொட்டு வச்சா?"

லோஜினியின் குரல் தூரத்திலிருந்து கேட்டது. "எல்லாத்துக்கும்தாங்க அக்கா. சோத்து குக்கருக்கு, தண்ணி மோட்டாருக்கு, புல்லு வெட்டுற மெசினுக்கு... சுவத்துல புதுசா மாட்டினதையும் விடக்கூடாதுன்னு ஸ்டூல் போட்டு ஏறி வச்சேன். கரண்டு சாமானாச்சே."

"மிஸ், விரலால தொட்டுப் பாருங்க."

"மஞ்சளும் சிவப்புமா ஒட்டுது." கொஞ்சம் நிறுத்தி, "சந்தன வாசம்" என்றார்.

அதோடு விட்டாரா அக்கா? விடவில்லை. டோர்ச் லைட்டைச் சாய்த்து அடித்து, கண்ணாடி மினுக்கம் எங்காவது தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். தெரியவில்லை. பிறகு அந்த அம்மாவின் கண் முன்னாலேயே நிரோஷனை மூடியைக் கழற்றவைத்து, உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொன்னார். காசு போல ஒரு தட்டை பட்டரி, சின்னதொரு சர்க்கிட் தகடு. மூடியில் ஊசி நுழையும் ஓட்டைகூட இல்லை. "இப்ப சொல்றேன் மிஸ். மாதிரி இல்ல, இது கதவு சென்சரேதான்."

"அப்ப நான் கதவத் திறந்தா லண்டனில தெரியுமா?"

"வைஃபை இருந்தாத் தெரியும். கதவு தொறந்தது தெரியும், தொறந்த ஆளு தெரியாது. ஆனா இதையெல்லாம் தங்க வாரவங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். நீங்க கேட்டதுல தப்பே இல்ல."

அந்த அம்மா நீளமாக மூச்சு விட்டார். "நிரோஷன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மகளை நினைச்சு..." என்றார்.

"ஐயோ, அப்புடிச் சொல்லாதீங்க மிஸ். பொம்பளப் புள்ளய கூட்டிட்டு வந்தா யாருக்கும் பயம்தான்" என்றான் நிரோஷன்.

அந்த அம்மா பொலிசுக்குப் போகவில்லை. ஊருக்கும் திரும்பவில்லை. லோஜினியின் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தங்கினார். சாயங்காலம் லண்டன்காரர் ஒருவழியாக நிரோஷனைக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்த எடுப்பில், "பெல் கமராவில பூஜையிலிருந்து ஒரே சிவப்பாத்தான் தெரியுது, பழுதாயிட்டுதா?" என்று கேட்டாராம். அந்தப் பங்களாவில் இருந்த ஒரே கமரா அத்தனை நாளும் குங்குமத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது! கேட்டு நான் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. லண்டன்காரரின் நம்பரை வாங்கி அவரே பேசினார். "உங்க சுவத்துல இருக்கிறதுக்கு உங்க ஆளு பதில் சொல்ல வேண்டியிருக்கு சேர். அவனுக்குச் சொல்லிக் குடுக்காம ஒரு ஆணிகூட அடிக்காதீங்க." அவர் சரி சரி என்றார். அடுத்த நாளே ஒவ்வொரு சாமானின் பெயரையும், அது செய்யும் வேலையையும் எழுதி நிரோஷனுக்கு அனுப்பிவிட்டார். லோஜினிக்குத்தான் கவலை, பொட்டை அழித்தால் ஆகாதே என்று. "பொட்ட கண்ணுல வைக்காத, காலுல வை. ஓரத்துல வச்சாலும் சாமி ஏத்துக்கும்" என்றார் அக்கா.

போன கிழமை அக்காவின் போனுக்கு நிரோஷனிடமிருந்து படங்கள் வந்தன. வாசல் சுவர் முழுதாக ஒன்று. கிட்டத்தில் ஒன்று. பக்கவாட்டில் ஒன்று. பெல்லின் கண் பளிச்சென்று இருந்தது. பொட்டு கீழே, பொத்தானுக்கும் கீழே, ஓரமாக. கூடவே அவன் குரல்: "அக்கா, இன்னைக்கு வந்த ஆளுங்களுக்கு நானே கதவுகிட்ட நிப்பாட்டி எல்லாத்தையும் காட்டினேன். இது கமரா பெல், இது கதவு சென்சர், இது ஸ்மார்ட் ப்ளக்குன்னு. ஒருத்தரும் என்னைய ஒன்னும் கேக்கல."

அக்கா அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன் என்று தெரிந்ததும் குரலை உயர்த்தினார்.

"பாத்தியா புள்ள, இப்பத்தான் படம் எடுக்கப் பழகியிருக்கான்."