முப்பத்தொன்றாம் தேதி யார் முறை?

இது கதை இல்லை. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. பேய் என்று சொன்னால் சிரிக்கிற ஆட்களோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை கிடையாது.

என் பெயர் இர்பானா. சேலம் சூரமங்கலத்தில் எங்களுக்குத் துணிக்கடை. என் கணவர் நயீமும் குமாரபாளையத்து கௌதமனும் பத்து வருடமாக ஜவுளியில் கூட்டாளிகள். இருவரும் சேர்ந்து எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டை வாங்கினார்கள். லீவுக்குப் போய்த் தங்க. போன மே மாதக் கடைசி வாரம், முதல் தடவையாக இரண்டு குடும்பமும் ஒன்றாகப் போனோம்.

கூட்டு என்றாலே சண்டை வரும். அதனால் நானும் கௌதமனின் மனைவி பிரீத்தியும் முன்கூட்டியே எல்லாம் பேசி வைத்தோம். நடு வராந்தாவின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு அறைகள். ஒன்றில் ஏசி. இன்னொன்றில் கொல்லிமலை தெரிகிற ஜன்னல், சேர்ந்தே குளியலறை. அறைகளை இரண்டு பங்காக நான் பிரித்தேன், முதலில் ஒன்றை எடுத்துக்கொள்வது அவள் உரிமை. பிரிப்பவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர் என்றால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. அவள் ஏசியை எடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

சமையல் ஒருநாள் விட்டு ஒருநாள். இருபத்தைந்து எங்களுக்கு, இருபத்தாறு அவர்களுக்கு. அப்படியே முப்பது வரை. முப்பது வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை. அது அவர்கள் பக்கம் விழுந்ததில் எனக்கு வசதி. சமைத்தவர் பாத்திரம் கழுவ வேண்டாம். கறி வாங்குவது நயீம் மட்டும், அதற்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. காலை ஏழு வரை அவர்கள் தூங்க வேண்டும், அதனால் விடியற்காலைத் தொழுகைக்கு நாங்கள் வராந்தா விளக்கைப் போட மாட்டோம். அதற்கு ஈடாக, என் கைக்குழந்தை அர்ஃபா தூங்குவதற்காக மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை அமைதி நேரம். டிவி கூடாது, மிக்சி கூடாது, மோட்டார் கூடாது.

மிஞ்சியது முப்பத்தொன்றாம் தேதி. ஆறு நாளைப் பங்கு போடலாம், ஏழாவது நாளை எப்படிப் போடுவது? அன்று அடுப்பே வேண்டாம், நாமக்கல்லில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். நியாயமான பங்கு என்று எங்களுக்கு ஒரே பெருமை.

முதல் நாள் மத்தியானம் 2.10.

டக்… டக்… டக்…

சாப்பாட்டுத் தட்டை விரலால் தட்டுகிற சத்தம். என் அறைக் கதவுக்கு வெளியே. பிரீத்தியின் ஆறு வயது மகள்தான் என்று நினைத்தேன். அர்ஃபா சிணுங்கினாள். கோபத்தோடு கதவைத் திறந்தேன். யாரும் இல்லை.

மறுநாள் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய், எங்கள் சமையல். மறுபடி 2.10. டக்… டக்… வியாழனும் அதேதான்.

இன்னொன்றும் இருந்தது. அடுப்படி அலமாரியில் ஒரு தட்டு. ஓரம் நசுங்கிய பழைய எவர்சில்வர். அவர்களுடையது என்று நினைத்து எடுத்து ஒதுக்கி வைப்பேன். நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஈரமாக இருக்கும்… இப்போதுதான் கழுவியது போல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெடித்துவிட்டேன்.

"உன் பொண்ணு மத்தியானம் எங்க கதவுல வந்து தட்டைத் தட்டுறா. குழந்தை தூங்க வேணாமா? பேசினது என்ன, செய்யறது என்ன?"

பிரீத்தி இடுப்பில் கை வைத்தாள். "ஏனுங்கக்கா, நல்லாருக்குதுங்களே நாயம்! நாங்க சமைக்கற அன்னிக்கெல்லாம் எங்க கதவுலதானுங்க சத்தம். உங்க ஊட்டு ஆளுங்கதான்னு நான் பல்லக் கடிச்சிட்டு இருக்கறன். அந்த நசுங்குன தட்டும் உங்களுதுதானுங்களே?"

"எங்களுது இல்ல!"

"எங்களுதும் இல்லீங்க!"

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். வீட்டில் பாதியை விற்றுவிடுங்கள், கூட்டும் வேண்டாம் என்று அன்று இரவே நயீமிடம் சொல்லிவிட்டேன். பத்து வருடக் கூட்டு ஒரு தட்டுச் சத்தத்தில் முறிந்தது.

முப்பத்தொன்று. நாமக்கல்லில் சாப்பிடும்போது இரண்டு மேசையில் உட்கார்ந்தோம். திரும்பி வந்ததும் ஆண்கள் இருவரும் வண்டிக்குக் காற்றடிக்கப் போனார்கள். நான் என் அறையில். அவள் அவள் அறையில். இரண்டு கதவும் சாத்தியிருந்தது.

2.10.

டக்… டக்…

இன்றைக்கு யாரும் சமைக்கவே இல்லையே!

டக். டக். டக். முன்பைவிடப் பலமாக.

பிறகு ஒரு குரல். பெண் குரல். மெதுவாக… மரியாதையாக…

"இன்னிக்கி யாரு மொறைங்க?"

எனக்கு ரத்தம் கொதித்தது. பிரீத்தி குரலை மாற்றிக் கேலி செய்கிறாள்! கட்டிலிலிருந்தே கத்தினேன்.

"எங்க முறை இல்ல! அந்தக் கதவுல போய்க் கேளு!"



கால் இழுபடும் சத்தம். சர்ர்… சர்ர்…

எதிர்க் கதவில், டக்… டக்…

"இன்னிக்கி யாரு மொறைங்க?"

உள்ளேயிருந்து பிரீத்தி கத்தினாள்.

"எங்க மொறை இல்ல! அந்தக் கதவுல போயிக் கேளு!"



பிரீத்தி உள்ளே இருக்கிறாள்.

அப்படியானால் வெளியே…?

தொப்.

ஏதோ விழுந்தது.

கதவைத் திறந்தேன். அதே நொடியில் அவளும் திறந்தாள். அவள் தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் யாரும் இல்லை.

நடுவில், தரையில், அந்தத் தட்டு.

இன்னும் சுழன்றுகொண்டிருந்தது…

நின்றது. 2.14.

இருவரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடினோம். பழைய சொந்தக்காரர் காலத்திலிருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற சென்னிமலை அங்கே உட்கார்ந்திருந்தார். அந்தத் தட்டை எப்போது கையில் எடுத்தாள் என்று பிரீத்திக்கே தெரியவில்லை. சென்னிமலை அதைப் பார்த்ததும் எழுந்து பின்னால் நகர்ந்தார்.

"அம்மிணி, அதைக் கீழ வையுங்க… பெரியக்கா தட்டுங்க அது. அவங்க கூடவே வெச்சுப் பொதைச்சமுங்க. என்ற கையால."

எங்களுக்கு வீட்டை விற்றவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர் என்றார். எங்களைப் போலவே அந்த வீட்டில் எதிரெதிர் அறையில் இரண்டு குடும்பம். அவர்களுக்கு மூத்தவள் ஓர் அக்கா, கல்யாணம் ஆகாதவள். சர்க்கரை வியாதிக்காரி. அவளுக்கு முறை வைத்துச் சோறு போட்டார்கள். ஒன்றிலிருந்து பதினைந்து வரை அண்ணன். பதினாறிலிருந்து முப்பது வரை தம்பி.

"முப்பத்தொண்ணு வந்தா?" என்றேன்.

"பக்கத்துத் தோட்டத்துல போயிச் சாப்புட்டுக்கும்ங்க. அக்கா செத்த வருசம் மே மாசம் அந்தத் தோட்டத்துக்காரங்க ஊர்ல இல்லீங்க. அக்கா சக்கர மாத்திரையப் போட்டுட்டுச் சோத்துக்குக் காத்திருந்துது. மத்தியானம், எல்லாரும் தூங்கற நேரம். தட்டைத் தூக்கிட்டு ரெண்டு கதவுலயும் போயிக் கேட்டுதுங்க. நடுவுலயே உழுந்திருச்சு. நாலு மணிக்குத்தான் கதவைத் தொறந்து பாத்தாங்க."

"நீங்க இங்கதான இருந்தீங்க? ஒரு வாய் சோறு போட மாட்டீங்களா?" என்று அவரிடமும் கத்தினேன். யாரிடமாவது கத்தாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்திருக்கும்.

"அவங்க குடும்ப விசயத்துல நாம எப்பிடிங்க…" என்று முனகினார்.

பிரீத்தி மெதுவாகக் கேட்டாள். "அந்தக்கா போயிக் கேட்டப்போ, உள்ளயிருந்து என்னங்க சொன்னாங்க?"

சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு பக்கமும் ஒரே பதிலுதானுங்க. எனக்கு இங்க வரைக்கும் கேட்டுது. 'எங்க மொறை இல்ல, அந்தக் கதவுல போயிக் கேளு'ன்னாங்க."