சொக்கம்மாள் கேட்ட கையுறை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினோரு வயதில் மேசை துடைக்கப் போய், இன்று தென்காசியில் இரண்டு ஓட்டலுக்குச் சொந்தக்காரன். யார் தயவிலும் வந்ததில்லை. என்னைத் தோற்கடித்தவர்கள் ரொம்பக் குறைவு. அதில் ஒருத்தி, பாத்திரம் தேய்த்த சொக்கம்மாள்.

இலஞ்சிக்காரி. புருஷன் கண்டித் தோட்டத்துக்குப் போனவன் திரும்பவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு குற்றாலத்தில் ஓர் ஓட்டலில் ஆறு வருஷம் தேய்த்தாள். அங்கே வேலையாட்களை ஏவுகிற மேனேஜர் நான். அவள் தேய்த்த அண்டாவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வாயும் அப்படித்தான். "அண்ணாச்சி போடுத சத்தத்துல அருவி ஒதுங்கி விழுது" என்பாள்.

யுத்த காலம், நாற்பத்து மூன்று ஆனி மாதம். சாரல் கட்டி, குளித்துவிட்டு வருகிற கூட்டம் பசியோடு மொய்த்தது. எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சாம்பலோடு சலவைச் சோடாவும் கலந்து கொடுத்தேன். என் யோசனைதான். ஒரு நாள் சொக்கம்மாள் சாமான் வைக்கிற உக்கிராண அறை வாசலில் வந்து கையை நீட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெடித்து நீர் கசிந்தது.

"தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனேன் அண்ணாச்சி. ஒட்டுத நோவு இல்லியாம். சோடாவும் ஈரமும் பண்ணுத வேலையாம். ரப்பர் உறை வாங்கித் தரணுமாம். ஆறுத வரைக்கும் தண்ணி படாத வேலையாக் குடுங்க. டாக்டர் சீட்டும் எழுதித் தந்திருக்காரு."

சீட்டு இங்கிலீஷில் இருந்தது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான். அதை அவளிடம் சொல்ல முடியுமா? மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, எல்லாம் புரியுது" என்று பையில் வைத்துக்கொண்டேன்.

"நானும் பத்து வருசம் தேச்சவன்தான். எனக்கு வந்துச்சா?"

"ஒங்களுக்கு இரும்புத் தோலு. எனக்குப் பொம்பளத் தோலுதானே?"

கையுறைக்குத் தென்காசிக் கடைகளில் கேட்டேன். மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு ரப்பரெல்லாம் பட்டாளத்துக்கு என்று சிரித்தார்கள். ஆனால் தண்ணீர் படாத வேலை கொடுத்தேன். உள்ளி என்கிற சின்ன வெங்காயமும் பூண்டும் உரிக்க உட்காரவைத்தேன். நானே பெரிய மனசுக்காரன் என்று நினைப்பு.

பத்து நாளில் கை முன்னைவிட மோசமானது. முழங்கை வரை சிவந்து கொப்புளித்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"கேட்டதக் குடுத்தாச்சுல்லா? இன்னும் என்னட்டி வேணும்?"

"தண்ணி படலதான். ஆனா தீயில வச்ச மாதிரி எரியுதே! நான் வேணும்னா எரியவைக்கேன்?"

முதலாளி அந்தக் கையைப் பார்த்துவிட்டார். பெருநோய் என்று ஊரில் பேச்சுக் கிளம்பினால் சீசனே போச்சு, நாளைக்கே அவளை அனுப்பிவிடு என்றார். சொக்கம்மாள் அழவில்லை. "அனுப்புங்க. இந்தக் கையோட வேற யாரு என்னைச் சேத்துக்கிடுவா, அதையும் சொல்லி அனுப்புங்க" என்றாள்.

மறுநாள் டாக்டரிடமே சண்டை போட அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் வார்டில் இருந்தார். கம்பவுண்டர் மசூது முன்னால் சீட்டை எறிந்தேன். அவர் வாசித்தார், மறுபடியும் வாசித்தார்.

"தண்ணி, சோடா ஆகாது. உள்ளி, பூண்டு, எலுமிச்சை தொடவே கூடாதுன்னு போட்டிருக்கே. இத யாருவே வாசிச்சது?"

சொக்கம்மாள் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மசூது களிம்போடு, ஒட்டுப்போட்ட பழைய ரப்பர் கையுறை ஒரு ஜோடியும் கொடுத்தார். "உள்ளே பருத்தித் துணி உறை தச்சுப் போடணும். வேர்த்தா உடனே கழத்தணும். தண்ணி உள்ளே போச்சுன்னா போடாம இருக்கதே மேலு" என்றார். ஒட்டாத நோய் என்று தமிழில் ஒரு சீட்டும் எழுதி வாங்கினேன். அதை முதலாளி மேசையில் வைத்து மல்லுக்கட்டினேன். காப்பிக்கொட்டை வறுக்கவாவது விடுங்கள் என்றேன், மாட்டேன் என்றார். கடைசியில் அரிசி, பருப்பில் கல் பொறுக்கும் வேலைக்குச் சம்மதித்தார். நான்கு வாரத்தில் தோல் மூடியது.

பிறகு கையுறையோடு பாத்திரத்துக்கு வந்தாள். ஆவணியில் கையுறையின் ஒட்டு விட்டுப்போயிற்று. வேறு ஜோடிக்குத் திருநெல்வேலி வரை அலைந்தேன், கிடைக்கவில்லை. முதலாளியிடம் மறுபடி கல் பொறுக்கக் கேட்டேன். முடியாது என்றார். இரண்டு வாரத்தில் விரல் வெடித்தது. அவளே கணக்கு முடித்துக்கொண்டு பாவூர்சத்திரம் சந்தைக்குச் சாக்குத் தைக்கப் போனாள்.

போகும்போது சொன்னாள்: "இனி எவளாவது சீட்டுக் கொண்டுவந்தா, வாசிக்கத் தெரிஞ்ச ஆளுகிட்டக் காட்டுங்க அண்ணாச்சி. வெக்கத்துக்கு ஒங்க கையா வெடிக்குது?"

எனக்குச் சொந்த ஓட்டல் வந்தபின் தண்ணீர் படாத வேலைக்கு வரச்சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினேன். வரமாட்டேன் என்றுவிட்டாள். என் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிற தொட்டியடியில் இப்போது நாலு ஜோடிக் கையுறை தொங்குகிறது. அவள் அதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.