அக்கா சொன்ன நம்பர்

எங்கள் வானொலி நிலையத்தில் நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அறிவிப்பாளருக்கு ஒரு பிடிவாதம். விளம்பரத்தைக் காகிதம் பார்த்து வாசிப்பாள்; போன் நம்பர் வந்ததும் தலையைத் தூக்கி, எதிரில் ஆள் இருப்பதுபோல் சொல்வாள். "நம்பரைப் படிச்சா யாரும் எழுதிக்க மாட்டாங்கடா." ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் இருக்கும் நான் என் பிரதியில் விரல் வைத்துச் சரிபார்ப்பேன். நேரடி ஒலிபரப்பில் வாய் தவறினால் அள்ள முடியுமா?

அன்று தையல் மெஷின் பழுதுபார்க்கும் ஒரு பெண்ணின் விளம்பரம். புதுக் கடை. கூட்டம் வராவிட்டால் இந்த மாதத்தோடு பூட்டிவிட்டு ஊருக்கே போய்விடுவேன் என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். முப்பது வினாடி. சலுகை ஒன்றே ஒன்று: சனிக்கிழமை வரை மெஷினைச் சுத்தம் செய்து எண்ணெய் போடுவது இலவசம். நம்பர் நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை.

அக்கா தேன் மாதிரி வாசித்தாள். நம்பர் வந்தது, தலையைத் தூக்கினாள். முதல் மூன்று எண்கள் சரி; அவள் வீட்டு நம்பரும் அதே மூன்றில்தான் தொடங்கும். மிச்சம் அவள் வீட்டு நம்பர்! இரண்டு தடவையும் அதேதான். பாட்டைப் போட்டுவிட்டுக் காகிதத்தைக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, அந்தப் பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே."

அடுத்த இடைவேளையில் மன்னிப்புக் கேட்டு, சரியான நம்பரோடு முழுவதையும் மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள். அவள் அம்மா இறந்ததிலிருந்து அப்பா போனை எடுப்பதே இல்லை. மணி அடித்து ஓய்ந்துவிடும். இன்றோ எப்போது போட்டாலும் லைன் பிஸி. அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

அதற்குள் கடைக்காரப் பெண்ணே கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தோம்.

"மேடம், போன் வந்துகிட்டே இருக்கு. பாதிப் பேர் யாரோ ஒரு பெரியவர் இந்த நம்பரைக் கொடுத்தாருன்னு சொல்றாங்க. யாரு மேடம் அது?"

"அப்புறம் சொல்றேம்மா" என்று அக்கா போனை வைத்தாள். நிகழ்ச்சி முடிந்ததும் என் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வீட்டில் அப்பா ரேடியோ பக்கத்தில், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரியான நம்பரைக் கேட்டுச் செய்தித்தாள் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார்.

"என்னாலதான்பா இத்தனை தொந்தரவு," என்றாள் அக்கா. "இனிமே எடுக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

"சும்மா இரும்மா. ஒருத்தங்க மெஷின்ல நூல் அறுந்துகிட்டே இருக்காம். உங்கம்மா மெஷினும் அப்படித்தான் படுத்தும்னு சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினோம் தெரியுமா?"

அம்மாவைப் பற்றி அவர் வாய் திறந்து அக்கா கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுபடி மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"இது கடை இல்லைங்க. நம்பர் தர்றேன், எழுதிக்குங்க." கொஞ்சம் கேட்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாங்க. ரேடியோல பேசினது என் பொண்ணுதான்."