என் மகளின் எச்சில்

எங்கள் வீட்டில் தண்ணீர்ப் போத்தலில் வாய் வைப்பது பெரிய குற்றம். என் கணவர் திருச்சிக்காரர், நான் யாழ்ப்பாணத்தாள்; குடியிருப்பது இரண்டுக்கும் தூரமான வெளிநாட்டில். சாம்பாருக்கு எவ்வளவு புளி என்பதில் தொடங்கி எதிலும் எங்களுக்கு ஒத்துப்போகாது. எச்சில் விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. எல்லோரும் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். ருசி பார்த்த கரண்டி மறுபடி சட்டிக்குள் போகாது. விருந்தாளி வாய் வைத்த கிளாஸை, அவர் கார் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே கொதிநீரில் போட்டுவிடுவோம்.

இந்தச் சட்டத்திலிருந்து முழு விலக்குப் பெற்ற ஒரே ஆள் எங்கள் இரண்டு வயது மகள். அவள் பாதி மென்று வெளியே எடுத்த தோசை எச்சில் ஆகாது. அது பிள்ளையின் மிச்சம். அதைக் கொட்டினால் பாவம். ஆகவே பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றபடியே நான் அதை வாய்க்குள் போட்டுக்கொள்வேன். பல மாதங்கள் என் இராச்சாப்பாடே அதுதான்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் பதின்மூன்று வாரமாக இருந்தபோது பேறு பார்க்கும் மிட்வைஃபிடம் போனேன். நரைத்த முடியை உச்சியில் பென்சிலால் குத்திக் கட்டியிருக்கும் உயரமான பெண். பாபடோயிட்டோய் என்ற புறநகரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில், இரண்டு வயதுக்குட்பட்டவர்களின் அறையில் வேலை செய்கிறேன் என்று சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் சைட்டோமெகாலோ என்ற கிருமி இருக்கலாம், பிள்ளை நன்றாக ஓடி விளையாடும், மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட அது வெளியே வந்துகொண்டிருக்கும், பார்த்தால் தெரியாது, கர்ப்பிணிக்குத் தொற்றினால் சில நேரம் வயிற்றுப் பிள்ளையின் காதைக் கெடுத்துவிடும், என்றாள்.

எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. எங்கள் காப்பகத்தில் நாப்பி மாற்றுவதற்கு முன் கையுறை, பின் சோப்பு, இருபது வினாடி. மூக்குத் துடைத்தால் சோப்பு. பிள்ளை வாயில் வைத்த பொம்மை உடனே கழுவுகிற வாளிக்குள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். நாங்கள் தமிழர்கள், எச்சில் விஷயத்தில் உலகத்திலேயே எங்களைப்போல் கறாரானவர்கள் கிடையாது என்றும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து மகளின் வாயிலிருந்த சூப்பி தரையில் விழுந்தது. பேச்சை நிறுத்தாமல் குனிந்து எடுத்தேன். என் வாய்க்குள் போட்டு நன்றாகச் சூப்பிச் சுத்தம் செய்தேன். அவள் வாயில் திரும்ப வைத்தேன். "ஆகவே எங்களைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை," என்று முடித்தேன்.

மிட்வைஃப் பேனாவை மறுபடி கையில் எடுத்தாள்.

"உன் வேலையிடத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை," என்றாள். "உன் மடியில் உட்கார்ந்திருக்கிறாளே, இவளைப் பற்றித்தான்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் வேலையிடப் பாதுகாப்புப் பிரதிநிதி. கிடங்கில் தரை ஈரமாக இருந்தாலே படிவம் நிரப்புகிறவர். மறுநாள் காலை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

ஆபத்து: மகள். இடம்: வீடு முழுவதும். கட்டுப்பாடு: ஆளுக்கு ஒரு கரண்டி, ஆளுக்கு ஒரு கோப்பை. மிச்சம் சாப்பிடக் கூடாது. சூப்பி குழாயடியில் மட்டும் கழுவப்படும். பல் துலக்கும் பிரஷ்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. முத்தம் நெற்றியில் அல்லது தலையில். நாப்பி, மூக்கு, வாய் வீணீர், சாப்பாடு இவற்றில் எதைத் தொட்டாலும் பின்பு சோப்பு. கீழே அவர் கையெழுத்து.

அதோடு விட்டாரா? தினமும் காலை ஆறரைக்குப் பளபளக்கும் மஞ்சள் மேற்சட்டையுடன் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று எங்கள் இருவருக்கும் கூட்டம் நடத்துவார். முடிவில், "எனி கொஸ்டின்ஸ்?" என்பார்.

"பனானா," என்பாள் மகள். ஒரு நாள் தவறாமல் அதே கேள்விதான்.

நான் சாப்பிடாமல் விட்ட மகளின் மிச்சத்தை அவர் ஏற்றுக்கொண்டார். "நீ சாப்பிடாத. வீட்ல ஆம்பள எதுக்கு இருக்கேன்?" என்று தியாகி மாதிரி ஊறிப்போன இட்லியை விழுங்கினார். அடுத்த சந்திப்புக்கு அவரும் வந்தார். மிட்வைஃப் அவரையும் நிறுத்திவிட்டாள். அவருக்குத் தொற்றினால் அவரிடமிருந்து எனக்கு வரும், நாங்கள் புருஷன் பெண்டாட்டி அல்லவா?

அவர் முகம் செத்துவிட்டது. "அப்ப மிச்சத்த யாருதான் சாப்பிடுறது?"

"முதலில் குறைவாகப் போடுங்களேன்," என்றாள் மிட்வைஃப்.

காரில் வரும்போதும் அவருக்கு ஆறவில்லை. பிள்ளைக்குக் குறைவாகச் சோறு போடுவது! "இந்த ஊர்க்காரங்க மனசு கல்லும்மா," என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், காப்பகத்தில் என் அறைப் பிள்ளை ஒருத்தி யாரோ இரண்டு பக்கமும் அறைந்ததுபோல் கன்னம் சிவக்க வந்தாள். பார்வோ என்ற கிருமி. மேலாளர் கதவில், கர்ப்பிணிகள் கவனம் என்று அறிவிப்பு ஒட்டினாள். அதை வாசித்த மாத்திரத்தில் நான் அறையின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

காப்பகத்துச் சமையற்காரி மலேசியாக்காரி, மூன்று பெற்றவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"இப்ப தள்ளி நின்னு என்னா செய்ய? கன்னம் சிவக்கிறதுக்கு முந்தியே குடுக்க வேண்டியத குடுத்துருக்கும் லா. போன வாரம் பூரா உன் தோள்லதான மூக்க துடைச்சுக்கிட்டு கிடந்துச்சு?"

மிட்வைஃபும் அதையே சொன்னாள். சிவப்பு வரும்போது தொற்றும் காலம் அநேகமாக முடிந்திருக்கும். உனக்குச் சின்ன வயதில் இது வந்திருந்தால் பயமில்லை; வந்ததா இல்லையா என்று இரத்தம் சொல்லும். வராதிருந்து இப்போது தொற்றியிருந்தால், இது வயிற்றுப் பிள்ளையின் இரத்தம் ஊறும் இடத்தில் கைவைக்கிற கிருமி. பெரும்பாலான பிள்ளைகள் தப்பிவிடும். சில பிள்ளைகளுக்கு இரத்தம் மிகவும் குறைந்து உடம்பில் நீர் கோத்துவிடும். அதனால் அடிக்கடி ஸ்கேன் பார்ப்போம், தேவைப்பட்டால் வயிற்றுக்குள் இருக்கும்போதே இரத்தம் ஏற்றலாம், என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கோ கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் நின்றது. விரல் அளவுப் பிள்ளைக்கு எங்கே ஊசி குத்துவார்கள்?

இரத்தம் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு அம்மாவை அழைத்தேன்.

"அம்மா, சின்னனிலை எனக்குக் கன்னம் சிவந்து காய்ச்சல் ஏதும் வந்ததோ?"

"உனக்கோ? உன்ரை நிறத்துக்கு, சிவந்திருந்தாலும் ஆருக்குத் தெரிஞ்சிருக்கப் போகுது?"

"அம்மா, நான் பகிடிக்குக் கேக்கேல்லை."

"நானும் பகிடி விடேல்லை, பிள்ளை. காய்ச்சல் வராத பிள்ளையே நீ? வந்த காய்ச்சலுக்கெல்லாம் நான் நிண்டு பேர் வைக்கேலுமே?"

பிறகு மிட்வைஃபிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. உன் அம்மா சொல்வது சரி, கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரிவது கஷ்டம், பலருக்கு அறிகுறியே இல்லாமல் வந்து போயிருக்கும், என்றாள்.

நான்கு நாள் காத்திருந்தோம். கணவர் காலைக் கூட்டத்தை நிறுத்தவில்லை. "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டுவிட்டு என் வயிற்றைப் பார்ப்பார். அவரிடம்தான் கேள்வி இருந்தது. மகள் வாழைப்பழம் கேட்பாள். அவர் உரித்துக் கொடுப்பார், கையைக் கழுவுவார், வேலைக்குப் போவார்.

ஐந்தாம் நாள் தொலைபேசி அடித்தபோது என் இரண்டு கையும் கையுறைக்குள், ஒரு பையனின் நாப்பிக்குள் இருந்தன. நாப்பி என்றால் சாதாரணமானதல்ல. அன்று மதியம் பருப்பு. அக்கா ஓடிவந்து என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாள். பதற்றத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டாள். அறையிலிருந்த எட்டுப் பிள்ளைகளும் என்றுமில்லாத அமைதியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பழைய எதிர்ப்பு இருக்கிறது. புதிய தொற்றுக்கான அடையாளம் இல்லை," என்றாள் மிட்வைஃப். "உனக்கு எப்போதோ வந்து போயிருக்கிறது. பிள்ளைக்குப் பயமில்லை."

நாப்பி மேசையைப் பிடித்துக்கொண்டேன். அக்காவின் கண்ணில் அதற்குள் குளம் கட்டிவிட்டது. நான் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் சட்டென்று பின்னால் போனாள்.

"மொதல்ல கை கழுவு லா. அப்பறம் அழுவோம்."

பையனுக்கு நாப்பி மாட்டி இறக்கிவிட்டு, இருபது வினாடி கழுவினோம், இருவரும். பிறகு அழுதோம்.

"இன்னொன்று," என்று போனிலிருந்து குரல் வந்தது. அவள் இன்னும் வைக்கவில்லை. "இது கன்னம் சிவக்கிற கிருமிக்கு மட்டும். மற்றது, அந்தச் சைட்டோமெகாலோ, முன்பு வந்தவர்களுக்கும் திரும்ப வரலாம். சோப்பை விட்டுவிடாதே."

விடவில்லை. அதற்குள் எங்களைவிட மகள் தீவிரமாகிவிட்டாள். வீட்டில் அவள் பதில் சொல்வதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் ரானுயி என்ற இன்னொரு புறநகரில் ஒரு பிறந்தநாள் விழாவில், தன் பிள்ளை கடித்த கேக்கை ஒரு மாமி வாயில் போடப் போனபோது, "நோ! எச்சில்!" என்று மண்டபம் அதிரக் கத்தினாள். மாமி இன்றுவரை எங்களோடு சரியாகக் கதைப்பதில்லை.

பிள்ளை பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் காது சோதிக்க ஒரு பெண் சின்னக் கருவியோடு வந்தாள். தூங்குகிற குழந்தையின் தலையில் மெத்தென்ற ஒட்டுகளை ஒட்டிக் காதில் மென்மையான மூடி வைத்தாள். கருவி ஏதோ யோசித்தது. கணவர் கிடங்கிலிருந்து நேரே வந்திருந்தார்; அதே மஞ்சள் மேற்சட்டை. மகள் கையில் ஈரமான பாதி பிஸ்கட். நான்கு பேரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம், அது சமைத்து முடிக்கப் போகிறது என்பதுபோல.

"இடது சரி," என்றாள். மறுபடி நீண்ட நேரம். "வலதும் சரி." பிறகு எப்போதாவது கேட்பதில் சந்தேகம் வந்தால் சும்மா இருக்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

மகள் தம்பியிடம் போனாள். பிஸ்கட்டை அவன் வாய்க்கு நேரே கொண்டுபோனவள், நின்று, என்னைப் பார்த்து, யோசித்து, கையை இறக்கினாள். குனிந்து நெற்றியில் ஒரு முத்தம். பிறகு பிஸ்கட் அலுத்துவிட்டது. அதை அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் பிஸ்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஐந்து மாதமாக மிச்சம் சாப்பிடாத மனிதர்.

"இனிமே சாப்பிடலாமாம்மா?" என்றார், பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு.

"ஓம்," என்றேன். "எனக்கும் பாதி தாங்கோ. கை கழுவிப்போட்டு."