ஆன்டனியின் எண்ணுக்குப் போன ஓடிபி

துறைமுகச் சாலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கிருபாகரனுக்கு, "அக்கவுண்ட் போச்சு அண்ணாச்சி" என்று யாராவது வந்து நின்றாலே எரிச்சல் வரும். பாஸ்வேர்டு மறந்தாலும் போச்சு, எவனாவது திருடினாலும் போச்சு, கம்பெனி முடக்கினாலும் போச்சு. ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு. எந்தப் 'போச்சு' என்று பிரித்தெடுப்பதுதான் அவருடைய பாதித் தொழில்.

மணப்பாட்டிலிருந்து வந்த சந்தனச்செல்வியும் அதையே சொன்னாள். போனது கணவன் ஆன்டனியின் கணக்கு. எவனோ உள்ளே புகுந்து, கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் ஜாஸ்லினுக்கு, "எப்படி இருக்க?" என்று செய்தி போடுகிறான்.

"பிள்ளை பதில் போட்டுக்கிட்டு இருக்கா. அதான் அண்ணாச்சி பயமா இருக்கு."

திரையில் 'ஹேக் ஆனது' என்ற பொத்தானை அமுக்கி அமுக்கி அவளுக்கு அலுத்துவிட்டது. ஓடிபி அனுப்பினோம் என்கிறது. வரவில்லை என்றால் உதவிப் பக்கத்துக்குப் போ என்கிறது. அங்கே போனால் மறுபடியும் ஓடிபி.

"நீதான் அந்த ஆளான்னு மட்டுந்தான் மிஷினுக்குக் கேக்கத் தெரியும்" என்றார் கிருபாகரன். "பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பும். அது வரலைன்னா மறுபடி முதல்லேருந்து. சுத்திக்கிட்டேதான் இருக்கணும். அந்த நம்பர் யார்கிட்ட இருக்கு?"

"அவருகிட்டதான்."

"கூப்பிட்டுக் கேளுங்க."

"தோணியில இருக்காரு."

"எப்ப வாராரு?"

அவள் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த தாளை மேசையில் வைத்தாள். ஆன்டனியின் இறப்புச் சான்றிதழ். மாலத்தீவின் மாலேயில் தோணியிலிருந்து சரக்கு இறக்கும்போது நெஞ்சுவலி.

கிருபாகரனுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. வேறெதுவும் கேட்கத் தெரியாத மிஷினைத் திட்டிக்கொண்டே தானும் அதே வேலையைச் செய்துவிட்டோமே என்று உள்ளுக்குள் குன்றிப்போனார்.

"இதுக்குத் தனி ஃபாரம் இருக்கு. லாகின் வேண்டாம், ஓடிபி வேண்டாம். மனுஷன் பார்ப்பான்" என்றார் மெதுவாக.

இறந்தவரின் கணக்குக்கான படிவத்தில் உறவுமுறை, தேதி, சான்றிதழின் படம், அவள் மனைவி என்பதற்கு ஆதாரம். அடுத்து, கணக்கை அழிப்பதா, நினைவுக் கணக்காக வைப்பதா?

"நினைவுன்னா படமெல்லாம் அப்படியே இருக்கும். ஆனா இனி யாரும் உள்ள நுழைய முடியாது. அந்தத் திருடனும் முடியாது, நீங்களும் முடியாது."

"இருக்கட்டும்" என்றாள்.

பெயருக்குக் கீழே 'இறந்துவிட்டார்' என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டியிருந்தது. கிருபாகரன் மௌஸை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, பிரிண்டரில் பேப்பர் வைக்க எழுந்து போனார். அதில் பேப்பர் நிறையவே இருந்தது. திரும்பி வந்தபோது டிக் விழுந்திருந்தது.

சில நாள் கழித்து மெயில் வந்திருக்கிறதென்று மறுபடி வந்தாள். அவர் படித்துச் சொன்னார்: கணக்கு நினைவுக் கணக்காக மாற்றப்பட்டுவிட்டது. அவள் கடையை விட்டு இறங்கும் முன்பே போன் அடித்தது. ஜாஸ்லின். குரல் வெளியே கேட்டது.

"அம்மா, அப்பா பதில் போடலம்மா."

'தோணியில இருக்காரு' என்றுதான் சந்தனச்செல்வி மகளிடமும் இதுவரை சொல்லி வைத்திருந்தாள்.

"அப்பா செத்துட்டாரு ஏளா" என்றாள். "நீ வீட்டுக்கு வா."