இருபத்து மூன்றாம் கம்பி

நான் ஒரு பொய்யான சோதனை அறிக்கையில் கையெழுத்திட்டேன். தெரிந்தேதான் இட்டேன். யாரும் மிரட்டவில்லை, கையில் எதையும் திணிக்கவில்லை. அன்று மாலை வேப்பம்பட்டு போகும் ரயிலைப் பிடித்து என் அக்காள் வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். காரணம் அவ்வளவுதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு பழைய தொழிற்சாலை. அதன் கான்கிரீட் கூரையில் மோட்டார் ஓடும் இரும்புத் தடம் ஒன்றைத் தொங்கவிடவிருந்தார்கள். பாரமான வார்ப்புகளைத் தூக்கி வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோக அது வேண்டும். அதற்காகக் கூரையில் துளை போட்டு, பிசின் போன்ற ரசாயனத்தைச் செலுத்தி, அதில் பதினாறு மில்லிமீட்டர் கம்பிகளைச் செருகியிருந்தார்கள். மொத்தம் நாற்பத்தெட்டு. பிசின் இறுகிய பிறகு கம்பி இழுப்பைத் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் ஒரு சோதனை நிறுவனத்தின் பொறியாளனான என் வேலை.

சோதனை முறை எளியது. கம்பியில் ஜாக் என்ற இழுவைக் கருவியை மாட்டி இழுக்க வேண்டும். நாங்கள் வைத்திருந்த சோதனைச் சுமை இருபது கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டு டன். கம்பி அன்றாடம் தாங்க வேண்டிய சுமையைப் போல ஒன்றரை மடங்கு. ஒரேயடியாக இழுக்கக் கூடாது. ஐந்து, பத்து, பதினைந்து, இருபது என்று நான்கு படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு நிமிடம் நிறுத்த வேண்டும். கடைசிப் படியில் ஐந்து நிமிடம். கம்பி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது, சுமை நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் இறங்கக் கூடாது, சுற்றிலும் விரிசல் விழக் கூடாது. ஐந்து கம்பிகளைச் சோதிப்பதாக ஏற்பாடு. ஒன்று தோற்றாலும் காரணம் கண்டுபிடித்து, மேலும் பத்துக் கம்பிகளைச் சோதிக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

முதல் மூன்றும் அசையவில்லை. கான்டிராக்டரின் மேற்பார்வையாளர் கீழே நின்று, "பச்ச சாக்கட்டி போட்டது எல்லாம் எட்த்துக்கோ சார், பக்காவா கீது" என்றார். ஐந்து கம்பிகளுக்கு அவரே பச்சைக் குறி போட்டிருந்தார். மூன்றைப் பார்த்த பிறகு எனக்கே தோன்றியது, நான் தேர்ந்தெடுக்க வேண்டியதை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று. அதனால் குறி போடாத இருபத்து மூன்றாம் கம்பியில் ஜாக்கை மாட்டச் சொன்னேன்.

ஐந்தில் நின்றது. பத்தில் நின்றது. பதினைந்துக்கு ஏற்றியதும் நகர்வைக் காட்டும் மானியின் முள் மெல்ல நகரத் தொடங்கியது. பூஜ்யம் புள்ளி நான்கு, பூஜ்யம் புள்ளி எட்டு, ஒன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர். சுமையின் முள் பன்னிரண்டுக்கு இறங்கியது. பிறகு கட்டைவிரல் நீளத்துக்குக் கம்பி சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டது. முப்பது வருடத்தில் அப்படி ஒன்று என் கண்முன் நடந்ததில்லை. சாரத்தின் குழாயைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்த பிசினின் மேல் சாம்பல் நிறத் தூசி, மாவில் புரட்டியெடுத்தது போல அப்பியிருந்தது.

"துளையைப் பிரஷ் போட்டு, காத்து ஊதிச் சுத்தம் பண்ணீங்களா?" என்று கேட்டேன்.

"மேல பாத்த துளை சார். தூசி தானா கீய கொட்டிடும். அதுக்கு எவன் பிரஷ் போடுவான்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜாக்கு காலு நவுந்துட்ச்சு சார். ராடு மேல ஏன் பழி போடுற? பக்கத்துல பச்ச கீது பாரு, இருபத்தி நாலு. அத்த இழு" என்றார்.

ஜாக்கின் கால் நகரவில்லை. அது எனக்குத் தெரியும். மணி மூன்றரை. பத்துக் கம்பி என்றால் மறுநாளும் வர வேண்டும். நான் இருபத்து நான்கை இழுத்தேன், தாங்கியது. இன்னொரு பச்சைக் குறியையும் இழுத்தேன், தாங்கியது. அறிக்கையில் ஐந்து கம்பிகள், ஐந்தும் தேர்ச்சி. இருபத்து மூன்று என்ற எண்ணே அதில் இல்லை. விசேஷத்தில் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஓய்வு பெற்று கள்ளிக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தபோது, கீழ் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் வாசலில் நின்று தலையை உதறுவாள்.

"இன்னா தாத்தா அப்டி பாக்குற? எனக்கு நரைச்சிட்ச்சுனு நெனச்சிக்கினியா?" என்று ஒருநாள் சிரித்தாள். "பொடி தாத்தா. மேல மோட்டார் போறப்பல்லாம் கொட்டுது. டக்குனு ஒரு சத்தம் வரும், உடனே தலயில பவுடர் போட்டு வுட்ரும்."

எந்தத் தொழிற்சாலை என்று கேட்டேன். சொன்னாள்.

நான் கையெழுத்திட்ட அதே தொழிற்சாலை. அவள் சாவகாசமாகத் தலையைத் தட்டிக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் விழுந்த அந்தப் பொடியை விரலில் தொட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறம். கம்பிகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தன. அவை அவள் தலைக்கு நேர் மேலே இருந்தன.

மறுநாள் காலையில் தொழிற்சாலை மேலாளர் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "இதை ஏன் சார் இப்ப வந்து சொல்றீங்க?" என்றார் அவர். கோபம்கூட இல்லை, நம்ப முடியாமல் கேட்டார். மோட்டாரை நிறுத்துங்கள் என்றேன். அவர் எழுந்து போய் நிறுத்தினார்.

என் பழைய நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் வேறு ஒரு பொறியாளரை அனுப்பினார்கள். நான் கீழே நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார்கள். தடத்தைத் தாங்கும் தொங்கல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, இம்முறை அவராகவே தேர்ந்தெடுத்துப் பத்துக் கம்பிகளை இழுத்தார். நான்கு தோற்றன. அதில் ஒன்று இரண்டாம் படியைக்கூடத் தாங்கவில்லை. மேலேயிருந்து அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, நான் கீழே நின்று விரல்விட்டு எண்ணினேன். இத்தனை நாள் அந்த வரிசையின் கீழே பதினோரு பெண்கள் நின்று வேலை செய்திருக்கிறார்கள்.

அந்தக் கம்பிகள் எல்லாவற்றையும் ஒதுக்கினார்கள். வேறு இடத்தில் துளையிட்டு, பிரஷ் போட்டு, காற்று ஊதி, புதிய கம்பிகளை வைத்து மறுபடியும் சோதித்தார்கள். அதற்கு மூன்று வாரம் ஆனது. நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அந்த வரிசை மூடியிருந்த மூன்று வாரமும் ஒப்பந்த வேலைக்காரப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கீழ் வீட்டுக்காரியும் அவர்களில் ஒருத்தி. நடந்ததை அவளிடம் நானே போய்ச் சொன்னேன். வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்போ நாங்க மேல பாத்து சிரிச்சிக்கினு இருந்தோமே, அப்பல்லாம் உனக்குத் தெரியும்?"

"உங்க தலைக்கு மேலன்னு தெரியாது. ஆனா ஒரு கம்பி கழண்டுதுன்னு தெரியும்."

"யாரோ ஒருத்தி தல தானேனு வுட்டுட்ட" என்றாள். கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்காரரிடம் சொல்லி அவளுடைய ஒரு மாத வாடகையை நான் ஏற்றுக்கொள்ள முயன்றேன். அவள் மறுத்துவிட்டாள்.

பிறகு வேலைக்குக் கூப்பிட்டார்கள். முதல் நாள் ஷிப்ட் முடிந்து அவள் வரும் நேரத்துக்கு நான் மாடிப்படியில் காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வழக்கம்போல வாசலில் நின்று குனிந்து, தலையை நன்றாக உதறினாள். தரையில் ஒன்றும் விழவில்லை.

"பொடி கொட்டல, சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தாத்தா என்று அவள் அதன்பிறகு என்னைக் கூப்பிட்டதில்லை.