கௌஸ் பாய் சொல்லாமல் விட்ட இன்னொரு மூன்றில் ஒன்று

உத்திரமேரூர் பஜாரில் மோட்டார் காயில் கட்டும் முகம்மது கௌஸுக்கு இரண்டு தொழில். ஒன்று, எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுவது. இன்னொன்று, சுற்றியதைப் பற்றிப் பேசுவது. முதல் தொழிலில் அவரைக் குறை சொன்னவர் கிடையாது. இரண்டாவதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது என்று அவர் மனைவி அலிமா நிக்காஹ் ஆன வாரத்திலிருந்தே சொல்லி வருகிறாள். அவளும் கூடவே உட்கார்ந்து கம்பி சுற்றுகிறவள் என்பதால், அந்தப் பேச்சில் எது சரக்கு, எது ஜிகினா என்று அவளுக்குத் தெரியும்.

வாலாஜாபாத் ரோட்டில் கோமளவல்லியின் ரைஸ் மில்லுக்குப் பேஜார் வந்தபோதும் பாயின் வாய்தான் முதலில் போய் நின்றது. மில்லில் பதினைந்து குதிரைசக்தி மோட்டார். சுவிட்சைப் போட்டதும் முழு மின்சாரமும் ஒரே மூச்சில் மோட்டாருக்குள் பாயும் பழைய ஸ்டார்ட்டர். அது ஓடத் தொடங்கினால் ஊரில் பல்பெல்லாம் சோர்ந்து கண் சொருகும். சில நாள் டிரான்ஸ்பார்மரில் பியூஸே போய்விடும். ஊர்க்காரர்கள் மனு கொடுத்துவிட்டார்கள். லைன்மேன் ஞானதாஸ் வந்து, இன்னொரு தடவை பியூஸ் போனால் மில்லின் இணைப்பைக் கழற்றச் சொல்லி மேலிருந்து உத்தரவு என்று சொல்லிவிட்டுப் போனான். அறுப்பு முடிந்து நெல் மூட்டைகள் வாசல் வரை அடுக்கியிருந்த நேரம். கரண்ட் போனால் அந்த அம்மாளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போட்டுடலாம் கோமளாம்மா. மொதல்ல கொஞ்சமா கரண்ட் வுட்டு, அப்புறம் முழுசா வுடும். அதுக்கப்புறம் இந்த ஊர்ல ஒரு பல்பு கண்ணைச் சிமிட்டுச்சுன்னா, நான் மோட்டார் தொடறதையே வுட்டுடறேன்" என்றார் பாய். சொன்ன இடம் மில்லுக்கு எதிர் டீக்கடை. கேட்டவர்கள் பாதி ஊர். இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதற்கென்றே பிறந்த மனுஷன்!

புது ஸ்டார்ட்டரை மாட்டினார். மோட்டாரைத் திருகி நேராக வைப்பதற்காக, அதை மில்லோடு இணைக்கும் பெல்ட்டைக் கழற்றியிருந்தார். அப்படியே சுவிட்சைப் போட்டார். ஒயரைக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டர் ஞானதாஸின் கையில். பழைய ஸ்டார்ட்டரில் நூற்றிருபது ஆம்பியர் காட்டிய முள், நாற்பதில் நின்றது. டீக்கடை பல்பு அசையவில்லை.

"எப்படி பாய் சரியா மூணுல ஒரு பங்கு?" என்று ஞானதாஸ் கேட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

"கேளு. உள்ள மூணு சுருள் கீது. டெல்டாவுல ஒவ்வொரு சுருளுக்கும் நானூத்திப் பதினஞ்சு வோல்ட் முழுசாப் போவும். ஸ்டார்ல மூணு சுருளோட வால் முனையையும் ஒண்ணாச் சேர்த்து முடிச்சுப் போட்டுடறோம். அப்ப ஒரு சுருளுக்கு இருநூத்தி நாப்பதுதான். வோல்ட் ஒண்ணே முக்கால்ல ஒரு பங்கா குறைஞ்சா, சுருள்ல கரண்ட்டும் அதே கணக்குல குறையும். சரியா?"

"சரி. அது மூணு ஆவலியே?"

"அவசரப்படறியே! டெல்டாவுல ஒரு ஒயர் ரெண்டு சுருளுக்குத் தீனி போடணும். ரெண்டும் ஒரே நேரத்துல உச்சிக்கு வராததால ரெண்டு மடங்கு ஆவாது. சுருள்ல போறதுக்கு ஒண்ணே முக்கால் மடங்கு ஒயர்ல போவும். ஸ்டார்ல ஒரு ஒயருக்கு ஒரு சுருள். அந்த ஒண்ணே முக்காலும் மிச்சம். ஒண்ணே முக்காலை ஒண்ணே முக்காலால பெருக்கு, மூணு கிட்ட வருதா? மோட்டார் வேகம் புடிக்கட்டும்னு சில செகண்டு வுட்டு, டைமர் அதை டெல்டாவுக்கு மாத்திடும், முழு பலத்தோட ஓடும்."

ஞானதாஸ் தலையாட்டினான். கோமளவல்லி கைகூப்பினாள். பாய் பெல்ட்டை மாட்டிக் கொடுத்துவிட்டு, டீக்கடையில் இன்னொரு முறை முழுசாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை கோமளவல்லி சாமி கும்பிட்டுச் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் 'உம்ம்ம்' என்று முனகியது. புரண்டு புரண்டு பார்த்தது. வேகம் எடுக்கவில்லை. அதற்குள் டைமர் தன் வேலையைப் பார்த்து டெல்டாவுக்கு மாற்றிவிட, பல்புகள் மங்கின, டிரான்ஸ்பார்மரில் படார் என்றது. டீக்கடைக்காரர் அடுப்புப் பக்கம் இருந்தபடியே, "கௌஸ் பாய் இனிமே மோட்டார் தொட மாட்டாரு" என்று அறிவித்தார்.

பாய் ஓடி வந்தபோது ஞானதாஸ் பியூஸ் போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான். "மத்தியானம் மூணு மணிக்கு ஒரு தடவை போட்டுக் காட்டு பாய். உனக்காகத்தான் பொறுத்துக்கினு கீறேன். அப்பவும் போச்சுன்னா, எனக்கு வேற வழி கிடையாது." கோமளவல்லி மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் பாய்க்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பார்.

இணைப்பை அவிழ்த்துப் பார்த்தார். சரி. ஸ்டார்ட்டர் சரி. டைமர் சரி. தலை சுற்ற வீட்டுக்கு வந்து நாஷ்டாத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். தட்டில் ஒரே ஒரு இட்லி.

"இன்னாது இது?"

"தினமும் மூணு வைப்பேன். இன்னிக்கு ஸ்டார்" என்றாள் அலிமா. "சாப்ட்டு எழுந்து, காயில் கட்ட வந்து வாசல்ல கெடக்கற கெணத்து மோட்டாரை ஒத்தை ஆளாத் தூக்கி வையுங்க."

"ஒரு இட்லி தின்னுட்டு எப்படிடீ..." என்றவர் நிறுத்தினார்.

"கரண்ட் மூணுல ஒரு பங்குன்னு டீக்கடை பூரா சொன்னீங்களாமே. பலமும் மூணுல ஒரு பங்குதான்னு சொன்னீங்களா? பெல்ட்டு இல்லாம வெறும் மோட்டாரை ஓட்டிக் காட்டிட்டு வந்துட்டீங்க. நம்ம கடை பழக்கம்! கடையில மேஜை மேல ஓட்டிப் பார்ப்போம். அங்கே அது மில்லை இழுக்கணும். அந்தம்மா உள்ள நெல்லை வச்சிக்கினே சுவிட்ச் போடறாங்களோ என்னமோ."

பாய்க்குச் சுருக்கென்றது. தெரியாத சங்கதி இல்லை. தொழிலில் தலை நரைத்தவர், ஆனால் பேச்சு சுவாரசியத்தில் பாதிக் கணக்கோடு எழுந்து வந்துவிட்டார். அந்த ஒரு இட்லியையும் முழுசாகத் தின்னாமல் ஓடினார்.

அலிமா சொன்னதுதான். கோமளவல்லி சாயந்தரம் மில்லை நிறுத்தும்போது அரவை உருளையைச் சுற்றி நெல் நிறைந்திருக்க அப்படியே நிறுத்துவாள். மில்லைத் தொடங்கிய மாமனார் காலத்திலிருந்து வழக்கம்.

"மில்லோட வயிறு ராத்திரியில காலியாக் கெடக்கக் கூடாது பாய். லட்சுமி தங்க மாட்டா. கரண்ட்டே போனாலும் போவட்டும், அதை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க" என்றாள். அதில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

பாய் மில்லையே சுற்றிச் சுற்றி வந்தார். மேலே நெல் கொட்டும் தொட்டி. அதன் அடியில், அரவை உருளைக்குப் போகும் வழியில், ஒரு தகரத் தடுப்பு. அதை யாரும் சாத்தியதே இல்லை. துருப் பிடித்திருந்தது. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி நகர்த்தினார்.

"கோமளாம்மா, நெல்லு மேலத் தொட்டியில இருந்தா வயிறு நெறைஞ்ச கணக்குத்தானே?"

அவள் யோசித்தாள். "மில்லுக்குள்ளதானே கீது."

"அப்ப இனிமே நிறுத்தும்போது உருளையில கெடக்கறதை அரைச்சுத் தீர்த்துடுங்க. தடுப்பைச் சாத்திட்டு, தொட்டி நெறைய நெல்லைக் கொட்டிட்டுப் போங்க. காலையில மோட்டார் வெறும் உருளையோட வேகம் புடிக்கட்டும். டெல்டாவுக்கு மாறி, சத்தம் நெலைச்சப்புறம் தடுப்பைத் தெறங்க."

அவள் சம்மதித்தாள். அடைத்திருந்த நெல்லைக் கையாலேயே அள்ளி எடுத்தார்கள். மூன்று மணிக்கு ஞானதாஸ் வந்தான், அவன் பின்னால் டீக்கடையே வந்தது. தொட்டி நிறைய நெல், தடுப்புச் சாத்தியிருந்தது. கோமளவல்லி சுவிட்சைப் போட்டாள். முள் நாற்பதுக்கு எழுந்தது, மோட்டார் சத்தம் கூடிக்கொண்டே போக மெல்ல இறங்கியது. 'டக்' என்று டெல்டா. முள் ஒரு துள்ளல் துள்ளி அடங்கியது. பல்பு அசையவில்லை. அவள் தடுப்பை இழுத்தாள், நெல் சரசரவென்று இறங்கியது, முள் நிதானமாக இருபதில் வந்து நின்றது. கோமளவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நெல் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று பாய் எல்லோருக்கும் விளக்கினார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எப்படிக் கண்டுபுடிச்ச பாய்?" என்றான் ஞானதாஸ்.

பாதி ஊர் காத்து நின்றது. பாய் வாயைத் திறந்தார். டீக்கடைக்காரர் கல்லாவைப் பூட்ட மறந்து வந்திருந்ததால், சீக்கிரம் முடியட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

"கரண்ட் மூணுல ஒண்ணு ஆவும், அது நான் சொன்னது. பலமும் மூணுல ஒண்ணு ஆவும், அது என் வூட்டுக்காரி சொன்னது" என்றார் பாய்.

அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு நல்ல பசி, வீட்டில் இன்னும் இரண்டு இட்லி பாக்கி இருந்தது.